கிள்ளானில் தம்பி கைது: தூதரகத்தில் யாரிடம் சொல்வது, வழக்கறிஞரை எப்படிப் பிடிப்பது?

பட்டுக்கோட்டை செல்வி | ஞாயிறு, காலை 7.10

என் தம்பி மலேசியாவில் கிள்ளானில் ஓர் உணவகத்தில் சமையல் உதவியாளாக இருக்கிறான். வயது 26. வெள்ளிக்கிழமை இரவு தொழிலாளர் தங்கும் வீட்டில் தகராறு நடந்து, ஒருவருக்குக் கையில் வெட்டுக்காயம். போலீஸ் வந்து தம்பியையும் இன்னும் இருவரையும் அழைத்துப் போய்விட்டது. கூட வேலை செய்யும் பையன்தான் அம்மாவுக்குப் போன் செய்தான். சனிக்கிழமை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்களாம், ஏழு நாள் உள்ளே வைக்க உத்தரவாம். அதற்குமேல் அவனுக்குத் தெரியவில்லை.

அனுப்பி வைத்த ஏஜென்ட், "இரண்டு லட்சம் அனுப்புங்கள், அங்கே ஆள் இருக்கிறார், வழக்கு ஆகாமலே வெளியே எடுத்துவிடலாம்" என்கிறார். அப்பா நிலத்தை அடகு வைக்கப் புறப்பட்டுவிட்டார். இந்தியத் தூதரகம் வழக்கறிஞர் வைத்துக் கொடுக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முன்னாள் மொழிபெயர்ப்பாளர் | ஞாயிறு, காலை 8.02

அப்பாவை முதலில் நிறுத்துங்கள், அம்மா. ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபாயும் போகக் கூடாது. அவர் சொல்லும் "ஆள்" வழக்கறிஞராக இருந்தால் பெயரையும் அலுவலகத்தையும் தயங்காமல் சொல்லியிருப்பார்.

நான் சிலாங்கூரில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதியதில் முக்கியமான செய்தி அந்த "ஏழு நாள்". இங்கே கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குற்றத்துக்கு 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை என்றால், போலீஸ் விசாரிக்கக் காவலில் வைக்கும் ரிமாண்ட் முதல் தடவை அதிகபட்சம் நான்கு நாள், அடுத்தது மூன்று நாள். 14 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஏழும் ஏழும். ஆகவே ஏழு நாள் கொடுத்திருக்கிறார்கள் என்றால், போலீஸ் இதைச் சாதாரணக் கைகலப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அனேகமாகத் தண்டனைச் சட்டம் 326, ஆயுதத்தால் கொடுங்காயம் ஏற்படுத்தியது. அதற்கு 20 ஆண்டு வரை போகலாம். காயம் கொடுங்காயம் இல்லையென்று மருத்துவமனை சொன்னால் அதுவே 324 ஆகும், 10 ஆண்டு வரை. இரண்டிலும் பிரம்படியும் உண்டு.

பயமுறுத்தவில்லை. இன்னும் குற்றச்சாட்டு எழுதப்படவில்லை, எந்தப் பிரிவு என்பது இந்த வாரம்தான் முடிவாகும். வழக்கறிஞர் தேவைப்படுவது இப்போதுதான், நீதிமன்ற விசாரணை தொடங்கிய பிறகு அல்ல.

அன்சாரி, கீழக்கரை | ஞாயிறு, காலை 8.40

சகோதரி, சவூதியில் எங்கள் மச்சானுக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன். முதலில் நோட்டரியிடம் பவர் ஆஃப் அட்டர்னி எழுதி, வெளியுறவுத் துறையில் அட்டெஸ்ட் செய்து அனுப்புங்கள். அது இல்லாமல் எந்த வழக்கறிஞரும் கையே வைக்கமாட்டார். அதோடு தம்பி போகும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு போட்டிருப்பார்கள். வழக்குச் செலவு 45,000 ரூபாய் வரை அதில் வரும், விடாதீர்கள். காயம்பட்டவர் குடும்பத்தோடு பேசி, அங்கே தியா என்று சொல்லும் இழப்பீட்டுப் பணம் மாதிரி ஏதாவது கொடுத்துவிட்டால் வழக்கே முடிந்துவிடும்.

முன்னாள் மொழிபெயர்ப்பாளர் | ஞாயிறு, காலை 9.15

அன்சாரி ஐயா, அக்கறைக்கு நன்றி. ஆனால் அது வளைகுடா வழி. இங்கே குற்ற வழக்கில் வழக்கறிஞருக்குக் கட்சிக்காரர் உள்ளே இருக்கும் தம்பிதான். அவர் "இவர் எனக்காக ஆஜராகட்டும்" என்று சொல்லிக் கையெழுத்திட்டால் போதும். குடும்பம் கட்டணம் கட்டலாம், ஆளைத் தேடித் தரலாம். பட்டுக்கோட்டையில் நோட்டரியைத் தேடி இரண்டு நாளைத் தொலைக்க வேண்டியதில்லை.

காப்பீடு இருப்பது உண்மை, தொகையும் சரி. ஆனால் அது வேலை சம்பந்தமான வழக்குக்கு: சம்பளம், ஒப்பந்தம் போன்றவற்றுக்கு. இரவு தங்குமிடத்தில் நடந்த வெட்டு அதில் சேருமென்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மணி, ஓசூர் | ஞாயிறு, காலை 10.30

இதே மாதிரி என் அண்ணனுக்கும் மலேசியாவில் பிரச்சினை. நான்கு மாதச் சம்பளம் பாக்கி, முதலாளி பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு தரவில்லை. இதற்கும் இதே வழிதானா?

முன்னாள் மொழிபெயர்ப்பாளர் | ஞாயிறு, காலை 10.41

இல்லை தம்பி, அது தொழிலாளர் துறைக்குப் போக வேண்டிய புகார். தனி இழையாகப் போடுங்கள். இங்கே ஒரு ரிமாண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது.

பட்டுக்கோட்டை செல்வி | ஞாயிறு, பகல் 12.20

அப்பாவை நிறுத்திவிட்டேன். தூதரகத்துக்கு மெயில் அனுப்ப உட்கார்ந்தேன், என்ன எழுதுவதென்று தெரியவில்லை. "என் தம்பி நல்லவன், காப்பாற்றுங்கள்" என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

கல்யாணி, சென்னை | ஞாயிறு, பகல் 1.05

செல்வி, அந்த இரண்டு பக்கத்தை அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள், தூதரகத்துக்கு வேண்டாம். நான் வெளிநாட்டுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். அங்கே பிரிவில் இருக்கும் அலுவலர் உங்கள் மெயிலை வைத்துக்கொண்டு ஒரு காவல் நிலையத்துக்குப் போன் செய்ய வேண்டும், கடிதம் எழுத வேண்டும். அதற்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் கொடுங்கள்.

பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே பெயர். அப்பா பெயர் பின்னால் ஒட்டியிருந்தால் அதையும் அப்படியே. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, கைதான நாள், காவல் நிலையத்தின் பெயர், அது எந்த மாவட்டப் போலீஸ் என்பது, விசாரணை அதிகாரியின் பெயர், ரிமாண்ட் முடியும் நாள், முதலாளியின் பெயரும் தொலைபேசியும். தம்பிக்கு நோயோ மாத்திரையோ இருந்தால் அது. கடைசியில் மூன்று கோரிக்கைகள்: அவனைச் சந்தியுங்கள், எந்தப் பிரிவில் விசாரணை என்று கேட்டுச் சொல்லுங்கள், உங்களிடமுள்ள வழக்கறிஞர் பட்டியலை அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

பாஸ்போர்ட் நகல் வீட்டில் இல்லையென்றால் காலிங் விசா நகலைத் தேடுங்கள், அதில் எண் இருக்கும். டிக்கெட் போட்ட டிராவல்ஸிலும் கேளுங்கள், அவர்கள் ஸ்கேன் செய்து வைத்திருப்பார்கள்.

மெயில் அனுப்பிய கையோடு madad.gov.in தளத்தில் பதிவு செய்யுங்கள். வெளிநாட்டில் சிறைப்பட்டவர்களுக்கென்றே அதில் ஒரு வகை இருக்கிறது. பதிவு எண் கிடைக்கும், அது நேரே அந்த ஊர்த் தூதரகத்துக்குப் போகும். மெயிலுக்குப் பதில் வராவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் பதிவு எண்ணுக்குக் கணக்கு இருக்கிறது. நாளை திங்கள், கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். அதே ஒரு பக்கத்தை அங்கேயும் கொடுத்து, அயலகத் தமிழர் நலத் துறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரசீதில்லாமல் வெளியே வராதீர்கள்.

வேலன் | ஞாயிறு, பகல் 2.30

கல்யாணி அம்மா சொல்வதெல்லாம் காகிதத்துக்கு அழகாக இருக்கும். ஒரு நாட்டில், எந்த நாடென்று வேண்டாம், என் நண்பன் உள்ளே இருந்தபோது தூதரகத்திலிருந்து ஆள் வந்து பார்த்தது தீர்ப்புக்குப் பிறகு. இவர்களை நம்பி உட்கார்ந்தால் தம்பி முடி நரைத்துத்தான் வருவான். பத்திரிகையில் போடுங்கள், எம்.பி.யைப் பாருங்கள். நாலு பேர் கத்தினால்தான் நகர்வார்கள்.

கல்யாணி, சென்னை | ஞாயிறு, பகல் 3.10

வேலன், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவின்படி, கைதானவர் கேட்டால்தான் போலீஸ் தூதரகத்துக்குச் சொல்லியாக வேண்டும். அவர் வேண்டாமென்று வெளிப்படையாக மறுத்தால் தூதரக அலுவலர் அவருக்காக இறங்கவே கூடாது. நம் பையன்கள் நிறையப் பேர் "ஊருக்குத் தெரிந்துவிடும், பாஸ்போர்ட்டை முடக்கிவிடுவார்கள்" என்று பயந்து, கேட்கும்போது வேண்டாமென்று தலையாட்டிவிடுகிறார்கள். உங்கள் நண்பர் கேட்டாரா என்று விசாரித்துப் பாருங்கள்.

எம்.பி.யைப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. பத்திரிகைச் செய்தி மட்டும் இந்த வாரம் வேண்டாம். "கத்தியால் குத்திய தமிழக வாலிபர்" என்று தலைப்பு வந்தால், அதை யார் எங்கே எடுத்துக் காட்டுவார்கள் என்று தெரியாது.

வேலன் | ஞாயிறு, பகல் 3.24

அவன் கேட்டான். நான் சொன்னதில் மாற்றமில்லை.

வாசுகி, மட்டக்களப்பு | ஞாயிறு, மாலை 5.00

நாங்கள் இலங்கையிலிருந்து இதைப் பார்க்கும்போது ரிசானா நஃபீக் ஞாபகம்தான் வருகிறது. மூதூர்ப் பிள்ளை. 2005இல் சவூதியில் கைது, 2007இல் மரண தண்டனை, 2013 ஜனவரியில் நிறைவேற்றிவிட்டார்கள். முதல் விசாரணையில் அந்தப் பிள்ளைக்கு வழக்கறிஞரே இல்லை. வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் தமிழை ஒழுங்காக விளங்கிக்கொண்டாரா என்பதே கேள்வியாக இருந்தது. தீர்ப்புக்குப் பிறகுதான் ஹாங்காங்கில் உள்ள மனித உரிமை அமைப்பொன்று பணம் திரட்டி மேன்முறையீட்டுக்கு வழக்கறிஞர் வைத்தது. அதற்குள் வாக்குமூலம் கோப்பில் ஏறிவிட்டது.

என் சித்தப்பாவின் மகனும் குவைத்தில் இருக்கிறார், அவருக்கு விசாப் பிரச்சினை. அதை வேறொரு நாளைக்குச் சொல்கிறேன். தங்கச்சி, தம்பிக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கட்டாயம் கேளுங்கோ.

முன்னாள் மொழிபெயர்ப்பாளர் | ஞாயிறு, மாலை 6.20

வாசுகி அம்மா கேட்டது என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மலேசிய நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு, அந்தக் கவலை வேண்டாம். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. ரிமாண்ட் முடிந்து குற்றச்சாட்டு வாசிக்கும் நாளில் பையன்களை வரிசையாகக் கூட்டி வருவார்கள். லாக்கப்பில் பழைய கைதி யாராவது சொல்லிக் கொடுத்திருப்பான்: "ஒப்புக்கொண்டுவிடு, கொஞ்ச நாளில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், மறுத்தால் வருஷக் கணக்கில் கிடப்பாய்." நான் குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்து, புரிந்ததா என்று கேட்பேன். புரிந்தது என்பார்கள். ஒப்புக்கொள்கிறாயா என்பேன். ஒப்புக்கொள்கிறேன் ஐயா என்பார்கள். அதன் விளைவு தெரியுமா என்று மாஜிஸ்திரேட் கேட்பார். அதற்கும் ஒரு தலையாட்டல். எல்லாம் சேர்ந்து தேநீர் ஆறும் நேரம்கூட ஆகாது.

ஒருமுறை ஒரு பையன் ஒப்புக்கொண்ட பிறகு, என்னைப் பார்த்து மெல்ல, "ஆனால் அவன்தான் ஐயா முதலில் கட்டையை எடுத்தான்" என்றான். நான் அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு, இது நிபந்தனையோடு சொன்ன ஒப்புதல், ஏற்க முடியாது என்று விசாரணைக்குத் தேதி போட்டார். அந்த ஒரு வாக்கியத்தை அவன் விழுங்கியிருந்தால் அன்றே தண்டனை. ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கினால் பிறகு மேல்முறையீட்டில் தண்டனையின் அளவையும் சட்டப்படி அது சரியா என்பதையும்தான் கேட்கலாம், "நான் செய்யவில்லை" என்று திரும்பிப் போக முடியாது.

அதனால் தம்பியின் காதுக்குப் போக வேண்டிய செய்தி ஒன்றுதான்: வழக்கறிஞரோடு பேசாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதே. அதைக் கொண்டுபோவது வழக்கறிஞர். அவரைக் கண்டுபிடிக்க வழி: malaysianbar.org.my தளத்தில் வழக்கறிஞர் பெயரைத் தேடலாம். பெயர் அங்கே இருந்து, அலுவலக முகவரியும் ஒத்துப்போனால் ஆள் உண்மையானவர். கிள்ளானிலும் ஷா ஆலமிலும் தமிழ் பேசும் குற்றவியல் வழக்கறிஞர்கள் நிறைய. நகரத்தில் பெரிய பெயர் வேண்டாம், அந்தக் காவல் மாவட்டத்தில் அன்றாடம் ரிமாண்டுக்கு நிற்பவர் வேண்டும்.

போனில் கேட்க வேண்டியது: ரிமாண்டுக்கு மட்டும் எவ்வளவு, ஜாமீன் மனுவுக்கு எவ்வளவு, விசாரணை நடந்தால் எவ்வளவு. தனித்தனியாகச் சொல்லாமல் மொத்தமாக ஒரு தொகை கேட்பவரிடம் அவசரப்படாதீர்கள். பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போக வேண்டும், ரசீது வேண்டும். "அதிகாரியைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று யார் சொன்னாலும் போனை வையுங்கள். அது லஞ்சம். பிடிபட்டால் தம்பிக்குப் புதிதாக இன்னொரு வழக்கு.

பட்டுக்கோட்டை செல்வி | ஞாயிறு, இரவு 9.45

ஐயா, இலவசமாக யாரும் வரமாட்டார்களா? நிலத்தை அடகு வைத்தாலும் எல்லாக் கட்டத்துக்கும் தாங்காது.

முன்னாள் மொழிபெயர்ப்பாளர் | ஞாயிறு, இரவு 10.10

இங்கே அரசு நிதியில் நடக்கும் தேசிய சட்ட உதவி அறக்கட்டளை மலேசியக் குடிமக்களுக்கானது, வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கிடைக்காது. பார் கவுன்சிலின் சட்ட உதவி மையத்தில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் இந்த வாரத்துக்குள் ஆள் கிடைப்பாரென்று உறுதி சொல்லமாட்டேன். ரிமாண்டுக்கு மட்டும் கட்டணம் கட்டி ஒருவரை வையுங்கள். மற்றதைப் பிரிவு தெரிந்த பிறகு யோசிக்கலாம்.

கல்யாணி, சென்னை | ஞாயிறு, இரவு 10.30

இந்தியச் சமுதாய நல நிதி என்று ஒன்று 2009இல் தொடங்கியது, இப்போது எல்லா இந்தியத் தூதரகங்களிலும் இருக்கிறது. வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி, சிறு அபராதம், திரும்பும் டிக்கெட் ஆகியவற்றுக்கு அதிலிருந்து கொடுக்கலாம். கொடுப்பதா வேண்டாமா என்பது தூதரகத்தின் முடிவு, உரிமையாகக் கேட்க முடியாது. ஆகவே வி.ஏ.ஓ.விடம் போய், தாசில்தார் கையெழுத்தோடு வருமானச் சான்று வாங்கி மனுவோடு இணையுங்கள். கேட்காமல் கிடைக்காது, கேட்டாலும் உடனே வராது. வந்த பிறகு வழக்கறிஞரை வைக்கலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

பட்டுக்கோட்டை செல்வி | புதன், இரவு 8.15

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தேன், ரசீது இருக்கிறது. தளத்திலும் பதிவாகிவிட்டது. கிள்ளானில் ஒரு வழக்கறிஞர் கிடைத்தார், பெயரைத் தளத்தில் சரிபார்த்தேன். தம்பியின் நண்பர்கள் ரிங்கிட்டில் பணம் போட்டு அவர் அலுவலகத்திலேயே கட்டி, ரசீதைப் படமெடுத்து அனுப்பினார்கள்.

அவர் நேற்று தம்பியைப் பார்த்துவிட்டார். விசாரணை 326இல்தான் ஓடுகிறதாம். ஆனால் காயம்பட்டவருக்கு எலும்பு முறிவு இல்லை, தையல் போட்டு அனுப்பிவிட்டார்களாம். மருத்துவ அறிக்கை அப்படியே வந்தால் 324க்கு இறங்க வாய்ப்பிருக்கிறது என்கிறார். தூதரகத்திலிருந்தும் அழைத்தார்கள். தம்பியைச் சந்திக்கக் கடிதம் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். தம்பி வழக்கறிஞரிடம், "ஒப்புக்கொண்டால் மூன்று மாதத்தில் அனுப்பிவிடுவார்களாமே?" என்றுதான் முதலில் கேட்டானாம்.

முன்னாள் மொழிபெயர்ப்பாளர் | புதன், இரவு 8.50

பார்த்தீர்களா! சரியான நேரத்தில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார். இனி வெள்ளிக்கிழமை பெரிய நாள். இரண்டாவது ரிமாண்ட் கேட்பார்கள், அல்லது குற்றச்சாட்டு வாசிப்பார்கள். கேட்டால் எதற்காக இன்னும் நாள் வேண்டுமென்று வழக்கறிஞர் எதிர்த்துப் பேசலாம். சாட்சிகளை விசாரித்தாகிவிட்டது, கத்தியும் கையில் இருக்கிறது என்றால் மாஜிஸ்திரேட் நாளைக் குறைப்பதுண்டு.

அன்சாரி, கீழக்கரை | புதன், இரவு 9.05

காயம்பட்டவரும் நம் ஊர்ப் பையன்தானே? நஷ்டஈடு கொடுத்து அவரே புகாரைத் திரும்ப வாங்கினால் எல்லாம் முடியுமே. ஏன் யாரும் அதைப் பேசவில்லை?

முன்னாள் மொழிபெயர்ப்பாளர் | புதன், இரவு 9.30

புகாரைத் திரும்ப வாங்கினாலும் வழக்கை நிறுத்துவது அரசு வழக்கறிஞர் கையில் இருக்கிறது. அவர் தொடரலாம். மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்டது தண்டனை பேசும் கட்டத்தில் உதவலாம். ஆனால் குடும்பமோ நண்பர்களோ நேரே போய் அந்தப் பையனிடம் பேசினால், சாட்சியைக் கலைத்தார்கள் என்று திருப்பிவிடுவார்கள். பேசுவதானால் வழக்கறிஞர் மூலம்தான். எனக்கு இதில் முழுச் சம்மதமில்லை, வழக்கறிஞர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

அன்சாரி, கீழக்கரை | புதன், இரவு 9.41

ஒரே தங்குமிடத்தில் சோறு தின்ற பையன்கள். பேசினால் தீரும் என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது.

பட்டுக்கோட்டை செல்வி | வெள்ளி, மாலை 6.40

இன்று குற்றச்சாட்டு வாசித்துவிட்டார்கள். 324. தம்பி மறுத்திருக்கிறான், விசாரணைக்குத் தேதி போட்டிருக்கிறார்கள். ஜாமீன் அனுமதித்தார்கள், ஆனால் மலேசியக் குடிமகன் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டுமாம், பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டுமாம். உணவக முதலாளி முதலில் சரியென்றார், இப்போது போனை எடுக்கவில்லை. வேலை பெர்மிட்டை ரத்து செய்துவிடுவாரோ என்று தம்பியின் நண்பர்கள் பயப்படுகிறார்கள். தூதரகம் ஜாமீன் நிற்குமா?

முன்னாள் மொழிபெயர்ப்பாளர் | வெள்ளி, இரவு 7.30

தூதரகம் நிற்காது, அவர்கள் வேலையும் அதுவல்ல. பெர்மிட்தான் இப்போது முக்கியம். ரத்தாகிவிட்டால், ஜாமீனில் வெளியே வந்தாலும் குடிநுழைவுத் துறை வாசலிலேயே பிடிக்கலாம். அங்கே கதையே வேறு, குடிநுழைவுச் சட்டத்தில் வெளிநாட்டவரை மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்த 24 மணி நேரம் என்பது 14 நாளாக நீளும். அதனால் தூதரகத்திடம் இப்போது ஜாமீன் கேட்காமல், முதலாளியிடம் பெர்மிட் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அதை அவர்கள் செய்வார்கள், முதலாளியும் அந்தப் போனை எடுப்பார்.

ஜாமீன்தாரருக்கு நண்பர்களிடம் கேளுங்கள். உணவகத்துக்குக் காய்கறி போடுகிறவர், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர் என்று குடிமகன் யாரையாவது தெரிந்திருக்கும். "கட்டணத்துக்கு ஜாமீன் நிற்கிறேன்" என்று நீதிமன்ற வாசலில் வருகிறவர் வேண்டாம். யாரும் கிடைக்காவிட்டால் தொகையைக் குறைக்க உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம், அல்லது உள்ளே இருப்பதைக் காட்டி விசாரணைத் தேதியை முன்னால் கொண்டுவரக் கேட்கலாம். இரண்டில் எது என்று வழக்கறிஞரோடு பேசுங்கள். தீர்ப்பு எதிராக வந்தால் மேல்முறையீட்டு அறிவிப்புக்கு 14 நாள்தான், அந்தக் கட்டணத்தையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டுக்கோட்டை செல்வி | வெள்ளி, இரவு 8.05

பெர்மிட் பற்றித் தூதரகத்துக்கு இப்போதே எழுதுகிறேன், பழைய பதிவு எண்ணைப் போட்டு. ஜாமீனுக்குக் காய்கறிக் கடைக்காரரை நாளைக் காலை பார்க்கப் போகிறார்களாம்.

மணி, ஓசூர் | வெள்ளி, இரவு 8.20

ஐயா, என் அண்ணன் விஷயத்தைத் தனி இழையாகப் போட்டிருக்கிறேன். நேரம் கிடைத்தால் வந்து பாருங்கள்.